மேட்சிங் பார்க்க வாசலுக்கு வாங்க

பட்டுப்புடவைக்கு பிளவுஸ் துணி எடுக்க மேட்சிங் சென்டருக்குப் போனால் என் அம்மா செய்யும் முதல் காரியம், கடைக்காரர் விரித்துப் போட்ட துணியையும் புடவையையும் சேர்த்துச் சுருட்டிக்கொண்டு வாசலுக்கு நடப்பதுதான். கடைக்காரரும் தடுக்க மாட்டார், பழகினவர். உள்ளே டியூப் லைட்டில் இரண்டும் ஒரே அரக்காகத் தெரியும். வாசலில் பார்த்தால் புடவை அரக்காகவே இருக்கும், துணி மட்டும் கத்திரிப்பூப் பக்கம் சாய்ந்திருக்கும். “இது சாயம் வேறப்பா, அடுத்த ரோலைக் காட்டு” என்று திரும்பி வருவார்.

இவ்வளவு விவரமான குடும்பத்தில், முகத்துக்கு ஃபவுண்டேஷன் வாங்கும்போது மட்டும் ஒருவரும் வாசலுக்கு வரவில்லை. நானும்தான்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் என் அக்கா மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகி, ஒரு பார்லரில் ட்ரையல் மேக்கப் போட்டுப் பார்க்கக் கூட்டிப்போயிருந்தேன். கண்ணாடியைச் சுற்றி உருண்டை உருண்டையாக மஞ்சள் பல்புகள். அதில் பார்த்தபோது பெண் நன்றாகவே இருந்தாள். தெருவில் இறங்கியபோது மணி பதினொன்று. ஆட்டோவில் ஏறும் முன் செல்ஃபி எடுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள். “சித்தி, என் மூஞ்சி ஏன் செத்த மாதிரி இருக்கு?” என்றாள். வெள்ளையாக இல்லை. சாம்பலாக இருந்தது. ஈரத் திருநீறு காய்ந்தபின் நெற்றியில் வெளுத்துத் தெரியுமே, அதை முகம் முழுக்க மெல்லிசாகத் தேய்த்த மாதிரி.

மறுநாள் போய்ச் சொன்னோம். “சரி, ஒரு ஷேட் டார்க்கா போட்டுருவோம்” என்றார்கள். போட்டார்கள். இந்த முறை தெருவில் அவள் முகம் ஆரஞ்சாக இருந்தது. சாம்பலுக்கும் ஆரஞ்சுக்கும் நடுவில் என் அக்கா மகளின் சொந்த நிறம் எங்கே போனது என்று எனக்குப் புரியவில்லை. புரிந்துகொள்ள அந்த பாட்டிலுக்குள் என்ன இருக்கிறது என்பதிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருந்தது.

ஃபவுண்டேஷனில் எத்தனை ஷேட் இருந்தாலும் நிறம் கொடுக்கும் பொடிகள் பெரும்பாலும் நான்கே நான்குதான். சிவப்பு இரும்பு ஆக்ஸைடு, மஞ்சள் இரும்பு ஆக்ஸைடு, கருப்பு இரும்பு ஆக்ஸைடு, வெள்ளைக்கு டைட்டானியம் டை ஆக்ஸைடு. சிவப்பு வேறொன்றுமில்லை, கோயில் மதிலில் பட்டை அடிக்கிற காவியின் நிறம் எதனாலோ அதேதான். இந்த நான்கின் விகிதத்தை மாற்றி மாற்றித்தான் வெளிர் நிறத்திலிருந்து அடர்கருப்பு வரைக்கும் செய்கிறார்கள். சில நிறுவனங்கள் மிக அடர்ந்த ஷேடுகளில் கொஞ்சம் அல்ட்ராமரைன் நீலமும் சேர்ப்பதுண்டு.

கோளாறு வெள்ளைப் பொடியில் ஆரம்பிக்கிறது. தோலை மூடுகிற சக்தி அதற்குத்தான் அதிகம் என்பதால் எல்லா ஷேடிலும் அதை ஓரளவு போடுகிறார்கள். வெளிர் தோலில் அது தெரியாது. கருப்புக் கல்சட்டியில் தண்ணீர் கலந்த பாலை ஊற்றிச் சாய்த்துப் பாருங்கள். சட்டியின் ஓரத்தில் மெல்லிய ஏடாக ஒட்டுகிற பால் வெள்ளையாக இருக்காது, லேசாக நீலம் பாரித்திருக்கும். கருத்த பரப்பின் மேல் மெல்லிய வெள்ளைத் துகள்கள் படிந்தால் அவை நீல வெளிச்சத்தை அதிகம் சிதறடிக்கும், அதனால் அந்த நிறம். பழுப்பு முகத்தின் மேல் அந்த நீலம் விழும்போது நம் கண்ணுக்கு அது சாம்பலாகத் தெரிகிறது. டைட்டானியமோ துத்தநாக ஆக்ஸைடோ சேர்த்த சன்ஸ்கிரீன் வகை ஃபவுண்டேஷன்களில் இந்தச் சாம்பல் இன்னும் கூடும். கல்யாணப் போட்டோவில் ஃபிளாஷ் அடித்ததும் முகம் மட்டும் வெள்ளைப் பேயாகத் தெரிவதற்கும் பல சமயம் இதுவே காரணம். மேலே தூவுகிற சிலிகா பவுடர் அதிகமானாலும் அதே கதைதான்.

இத்துடன் நம் ஊர் வழக்கம் ஒன்று சேர்கிறது. “ஒரு ஷேட் லைட்டா போட்டா பளிச்சுன்னு இருக்கும்” என்று கடையிலும் சொல்கிறார்கள், பார்லரிலும் சொல்கிறார்கள், வீட்டில் அத்தைகளும் சொல்கிறார்கள். ஒரு ஷேட் லைட் என்றால் கூடுதல் வெள்ளைப் பொடி என்று அர்த்தம். மாநிறத்திலும் அதற்கு மேல் அடர்ந்த நிறத்திலும் அது பளிச்சென்று இருக்காது, சாம்பல் பூக்கும். பளிச் வேண்டுமென்றால் கன்னத்து மேட்டில் தனியாக ஏதாவது போட்டுக்கொள்ளலாம். முகம் முழுக்கத் தடவுகிற பூச்சில் அதைத் தேடக் கூடாது.

அப்படியானால் அடர் ஷேட் போட்டபோது ஏன் ஆரஞ்சானது? அங்கேதான் அண்டர்டோன் வருகிறது.

நிறத்துக்கு இரண்டு அளவு உண்டு. எவ்வளவு அடர்த்தி என்பது ஒன்று. அந்த அடர்த்திக்கு உள்ளே எந்தச் சாயல் ஓடுகிறது என்பது இன்னொன்று. காபியில் டிகாக்‌ஷன் கூடக்குறைய இருப்பது அடர்த்தி. அதில் போட்டது சர்க்கரையா கருப்பட்டியா என்பது சாயல் மாதிரி. தமிழில் அடர்த்தியைச் சொல்ல மாநிறம், புதுநிறம், கருப்பு என்று ஏராளமான வார்த்தை இருக்கிறது. சாயலைச் சொல்ல அவ்வளவு இல்லை. ‘களையான கருப்பு’ என்று பாட்டி சொல்வாள். அது பாராட்டு, விவரம் இல்லை. நான் இங்கே அடிநிறம் என்று சொல்லிக்கொள்கிறேன்.

அடிநிறம் எங்கிருந்து வருகிறது என்றால், தோலில் மெலனின் ஒன்று மட்டும் இல்லை. மெலனினிலேயே பழுப்புக்கறுப்பு ஒரு வகை, செம்மஞ்சள் ஒரு வகை. கீழே ஓடுகிற ரத்தத்தின் சிவப்பு, கேரட்டில் இருக்கிற கரோட்டின் வகை மஞ்சள், எல்லாம் சேர்ந்துதான் ஒருவர் நிறம். ஒரே அளவு கருப்பாக இருக்கிற இரண்டு பேரில் ஒருவரிடம் தேன் போல மஞ்சள் ஓடும், இன்னொருவரிடம் செம்புப் பாத்திரம் போலச் சிவப்பு ஓடும். மூன்றாவது ஒரு வகை உண்டு, ஆலிவ் என்பார்கள். மஞ்சளோடு லேசாகப் பச்சை கலந்து கொஞ்சம் மங்கலாக இருக்கும், தென்னிந்திய மாநிறத்தில் நிறையப் பார்க்கலாம். எதுவும் தூக்கலாக இல்லாமல் நடுவில் நிற்பது நியூட்ரல்.

நம் ஆள்களிடம் அடிநிறம் கண்டுபிடிக்கச் சொல்லித்தருகிற சோதனைகள் பெரும்பாலும் நம் தோலுக்கு உதவாதவை. மணிக்கட்டு நரம்பு பச்சையாகத் தெரிந்தால் வார்ம், நீலமாகத் தெரிந்தால் கூல் என்பார்கள். மாநிறத் தோலின் வழியாகப் பார்த்தால் யாருடைய நரம்பும் கிட்டத்தட்டப் பச்சையாகவே தெரியும். இன்னும் அடர்ந்த தோலில் நரம்பே தெரியாது. தங்கம் எடுக்குமா வெள்ளி எடுக்குமா என்பது அடுத்த சோதனை. பிறந்த நாளிலிருந்து தங்கத்தையே பார்த்துப் பழகிய கண்ணுக்கு வெள்ளி எடுக்கவே எடுக்காது. அதனால் தமிழ்ப் பெண்கள் எல்லோரும் வார்ம் என்றுதான் பதில் வரும். உள்ளங்கையைப் பார்க்கச் சொல்வதும் வீண், அங்கே மெலனின் மிகக் குறைவு.

எனக்கு இதைப் புரியவைத்தவர் எங்கள் கும்பகோணத்து வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கும் ஒரு பியூட்டிஷியன். இருபது வருஷமாக மணப்பெண் அலங்காரம் செய்கிறவர், கடை என்று தனியாகக் கிடையாது. அக்கா மகளைக் கூட்டிக்கொண்டு போய் விஷயத்தைச் சொன்னதும், “மொதல்ல மூஞ்சிய கழுவிட்டு திண்ணைக்கு வாம்மா” என்றார். “நாலு நாளா மஞ்சள் பூசிக் குளிக்கிறியா?” என்றும் கேட்டார். ஆமாம் என்றாள். அப்படியானால் இன்று பார்த்துப் பிரயோஜனமில்லை, மஞ்சளை நிறுத்திவிட்டு மூன்று நாள் கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார். எனக்குக் கொஞ்சம் கோபம்தான். ஆனால் அவர் சொன்னது சரி. தோலில் ஒட்டிய மஞ்சள் கறை, இல்லாத அடிநிறத்தை இருப்பதாகக் காட்டும். நலங்கு வைப்பதற்கு முன்பே இந்த வேலையை முடித்துவிட வேண்டும் என்பதும் அதனால்தான்.

மூன்று நாள் கழித்துப் போனோம். காலை பத்து மணி. திண்ணை வடக்குப் பார்த்தது, வெயில் நேராக விழவில்லை, வானத்து வெளிச்சம் மட்டும். அவள் போட்டிருந்தது சிவப்புச் சுடிதார். தோளைச் சுற்றி ஒரு வெள்ளைத் துண்டைப் போர்த்தினார். சிவப்புத் துணியிலிருந்து எகிறும் வெளிச்சம் தாடையில் சிவப்பு ஏற்றிவிடுமாம். திண்ணையின் மறுகோடிக்குப் போக விடவில்லை, அங்கே வேப்பமரம், இலை வழியே வருகிற வெளிச்சம் பச்சை. பக்கத்து வீட்டு ரோஸ் கலர் சுவருக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னார். வெளிச்சம் விஷயத்தில் என் அம்மாவைவிடக் கறாரானவரை அன்றுதான் பார்த்தேன்.

வெளிச்சத்துக்கு இவ்வளவு பாடு ஏன் என்று சொல்லிவிடுகிறேன். உங்கள் தோலின் நிறம் மெலனினாலும் ரத்தத்தாலும் ஆனது. பாட்டிலின் நிறம் இரும்பு ஆக்ஸைடால் ஆனது. இரண்டும் வெளிச்சத்தை உறிஞ்சுகிற விதமே வேறு. ஏதோ ஒரு விளக்கில் இரண்டும் கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்துவிடலாம், விளக்கு மாறினால் பிரிந்துவிடும். அம்மாவின் அரக்குப் புடவைக்கும் பிளவுஸ் துணிக்கும் நடந்ததும் இதுதான். சாயப்பட்டறைக்காரர்கள் இதை மெட்டாமெரிசம் என்பார்கள். மஞ்சள் பல்பின் வெளிச்சம் 2700 கெல்வின் சுமார், அதில் நீலமே சொற்பம். சாம்பல் பூச்சில் இருக்கிற நீலத்தைக் காட்ட அந்த விளக்கிடம் சரக்கில்லை. அதனால்தான் பார்லர் கண்ணாடியில் பெண் அழகாக இருந்தாள். பகல் வெளிச்சத்தில் எல்லா நிறமும் ஏறக்குறையச் சமமாக இருப்பதால் அங்கே பொருந்துகிற ஷேட் மற்ற விளக்குகளிலும் பெரும்பாலும் தாங்கும்.

பல்பு டப்பாவில் ‘கூல் டேலைட் 6500’ என்று போட்டிருக்கிறதே, அதை மாட்டிக்கொண்டால் போதாதா என்று நான் கேட்டேன். போதாது. அந்த எல்.இ.டி. விளக்கு மொத்தத்தில் பகல் போல வெள்ளையாகத் தெரியுமே தவிர, நீலம் ஓரிடத்தில் கூர்மையாக எகிறி, அடர்சிவப்பு குறைவாக இருக்கும். பழுப்புத் தோலின் உயிரே அந்தச் சிவப்பில்தான் இருக்கிறது. அதே போல நடு வெயிலில் நிற்பதும் உதவாது, கண் கூசும், முகத்தில் எண்ணெய் மினுக்கும். காலை ஆறரை மணி, மாலை ஆறு மணி வெளிச்சமும் வேண்டாம், அது எல்லோரையும் தங்கமாக்கிவிடும். ஒன்பதிலிருந்து நாலுக்குள், நிழலான வாசல். ஃபிளாட்டில் இருப்பவர்கள் வெயில் நேராக விழாத ஜன்னலுக்கு அரை அடி தள்ளி முகத்தை ஜன்னல் பார்க்க வைத்து, வீட்டு விளக்குகளை எல்லாம் அணைத்துவிட்டுப் பார்க்கலாம்.

திண்ணையில் முதலில் அடர்த்தி. மூன்று பாட்டில்களை எடுத்தார், அடுத்தடுத்த மூன்று அடர்த்தி. சின்னத் தகட்டுக் கரண்டியால் கொஞ்சம் எடுத்து, கன்னத்தின் கீழ்ப்பகுதியிலிருந்து தாடை எலும்பைத் தாண்டிக் கழுத்து வரை, விரல் அகலத்தில் மூன்று பட்டை இழுத்தார். முகத்தில் நிஜமாகப் போடுகிற அளவு மெல்லிசாக. பட்டைகளுக்கு நடுவே தோல் தெரிய இடம் விட்டார். கையில் ஏன் பார்க்கவில்லை என்றால், மணிக்கட்டின் உள்பக்கம் முகத்தைவிட வெளிர், புறங்கை வெயிலில் முகத்தைவிடக் கருத்தது. இரண்டுமே பொய் சொல்லும்.

பிறகு என் போனைக் கேட்டார். மோனோ, அதாவது கருப்பு வெள்ளையில் ஒரு போட்டோ எடுக்கச் சொன்னார். எனக்கு அன்று பிடித்துப்போன தந்திரம் இது. கலர் போட்டோவை நம்ப முடியாது, போன் தன் இஷ்டத்துக்கு நிறத்தைத் திருத்தும், முகத்தை வழவழப்பாக்கும். ஆனால் கருப்பு வெள்ளையில் அடிநிறம் காணாமல் போய் அடர்த்தி மட்டும் மிஞ்சும். ஒரே படத்துக்குள் பட்டை தோலைவிட வெளுப்பா கருப்பா என்று பார்த்தால் போதும். முதல் பட்டை சுண்ணாம்புக் கோடு மாதிரித் தெரிந்தது. பார்லரில் முதலில் போட்டது ஏறக்குறைய அந்த அடர்த்திதான். மூன்றாவது பட்டை தோலைவிடக் கருப்பு. நடுப்பட்டையைத் தேட வேண்டியிருந்தது. அதுதான் வேண்டும்.

அடர்த்தி முடிவானதும் அதே அடர்த்தியில் மூன்று அடிநிறம். இதற்கு முன் ஒரு வேலை செய்தார். அக்கா மகளின் தங்கையையும் என்னையும் கூப்பிட்டுத் திண்ணையில் மூன்று பேர் முழங்கையையும் அடுத்தடுத்து வைக்கச் சொன்னார். மூன்று பேரும் ஏறக்குறைய ஒரே கருப்பு. தனித்தனியாகப் பார்த்தால் எனக்கு ஒன்றும் தெரிந்திருக்காது. சேர்த்து வைத்ததும் என் கை பச்சை பாரித்த மாதிரி, தங்கை கை தேன் மாதிரி, மணப்பெண் கை சட்டென்று செம்பாகத் தெரிந்தது. இத்தனை நாளாக அவளை மஞ்சள் அடிநிறம் என்றே பார்லரில் எழுதியிருந்தார்கள். கண்ணுக்கு ஒப்பிட்டுத்தான் நிறம் தெரியும். நரம்பைப் பார்ப்பதைவிட உங்கள் அளவு கருப்பாக இருக்கிற இரண்டு பேரின் கையோடு கையை வைத்துப் பார்ப்பது நல்ல சோதனை.

கோல்டன், நியூட்ரல், ரெட் என்று மூன்று பட்டை இழுத்தார். ரெட் பாட்டிலைப் பார்த்ததும் நானே பயந்துவிட்டேன். அரைத்த செங்கல் மாதிரி இருந்தது. “பாட்டில பாக்காதீங்கக்கா. பட்டையோட ஓரத்த பாருங்க. ஓரம் எது காணாமப் போவுதோ அதான் இவ நெறம்” என்றார். போட்ட உடனே பார்த்தால் மூன்றுமே சுமாராகத்தான் இருந்தன, கோல்டன் கொஞ்சம் நன்றாகவே இருந்தது. கடையாக இருந்தால் அந்த இடத்தில் பில் போட்டிருப்பார்கள். அவர் காபி கொண்டுவந்தார். இருபது நிமிஷம் போகட்டும் என்றார்.

காத்திருப்பதற்குக் காரணம் உண்டு. பூச்சு போட்ட சில நிமிஷங்களில் அதிலிருக்கிற ஆவியாகும் திரவம் போய்விடும், பொடி அடர்ந்துவிடும், டிகாக்‌ஷன் சுண்டுகிற மாதிரி. அதன்பின் தோலின் எண்ணெய் மெல்ல மேலே வந்து பொடியை நனைக்கும். நனைந்த எதுவும் கருக்கும், மழையில் நனைந்த செங்கல் சுவர் மாதிரி. இதைப் பொதுவாக ‘ஆக்ஸிடைஸ் ஆகிறது’ என்கிறார்கள். அந்தப் பெயர் எனக்கு ஒப்பவில்லை. பாட்டிலில் இருப்பதே இரும்பு ஆக்ஸைடு, சிவப்பும் மஞ்சளும் ஏற்கெனவே துருப்பிடித்து முடித்தவை. முகத்தில் புதிதாகத் துருப்பிடிக்க அவற்றில் ஒன்றுமில்லை. நனைதலும் சுண்டுதலும்தான் பெரும்பங்கு. பெயர் எதுவானாலும் விளைவு ஒன்றுதான், எண்ணெய் வழியும் முகத்தில் ஷேட் அரைப்படி இறங்கும், ஆரஞ்சுப் பக்கம் சாயும்.

காபி குடித்துவிட்டுப் பார்த்தோம். கோல்டன் பட்டை கடுகு நிறத்துக்குப் போயிருந்தது. சற்றுத் தள்ளி நின்று பார்த்தால் ஆரஞ்சு. பார்லரில் இரண்டாவது நாள் நடந்தது இதுதான், அடர்த்தி சரி, சாயல் தப்பு. நியூட்ரல் பட்டை தட்டையாக, உயிரில்லாமல், ஓரத்தில் லேசாகச் சாம்பல். செங்கல் பட்டையைக் காணோம். நிஜமாகவே தேடினேன். தாடையில் விரலை வைத்துக் காட்டிய பிறகுதான் தெரிந்தது.

ரெட் என்றால் பலருக்கு ஒரு குழப்பம் வரும், அதைத் தெளிவுபடுத்திவிட வேண்டும். சிவப்பு அடிநிறம் என்றதும் கடையில் ரோஸ் சாயல் ஷேடை எடுத்து நீட்டுவார்கள். ரோஸ் என்பது சிவப்பில் வெள்ளை கலந்தது. வெளிர் தோலுக்கு அது சரி. நம் அடர்த்திக்கு ரோஸ் போட்டால் அந்த வெள்ளை மறுபடி சாம்பலாகி, அதிலும் லேசாக ஊதா தட்டும். அடர்ந்த தோலின் சிவப்பு காவியும் செம்பும் போல வெள்ளை கலக்காத சிவப்பு.

பாட்டிலில் அச்சடித்த எழுத்துகளையும் ஒரேயடியாக நம்பாதீர்கள். ஒவ்வொரு நிறுவனமும் தன் வழக்கப்படி பெயர் வைக்கிறது. பிரபலமான உதாரணம் மேக் நிறுவனம். அவர்களின் என்.சி. வரிசைக்கு ‘நியூட்ரல் கூல்’ என்று பொருள், ஆனால் அது மஞ்சள், தங்கச் சாயல் தோலுக்கானது. என்.டபிள்யூ., அதாவது ‘நியூட்ரல் வார்ம்’, சிவப்பு, ரோஸ் சாயலுக்கானது. மற்ற நிறுவனங்களில் இதற்கு நேர் எதிர். ஒரு நிறுவனத்தில் வார்ம் என்று தெரிந்துகொண்டு இன்னொன்றில் அதே வார்த்தையைத் தேடுவது, ஒரு கடையின் ‘மீடியம்’ சட்டையை வைத்து இன்னொரு கடையில் போட்டுப் பார்க்காமல் வாங்குகிற மாதிரி. 2017-ல் பாடகி ரிஹானாவின் ஃபென்டி பியூட்டி ஒரே ஃபவுண்டேஷனை 40 ஷேடில் கொண்டுவந்த பிறகு மற்றவர்களும் அடர் பக்கம் வரிசையை நீட்டினார்கள். அதற்கு முன் பல நிறுவனங்களில் அடர்நிறத்துக்குச் சில ஷேடுகள்தான் இருக்கும், அவற்றில் அடிநிறத் தேர்வும் குறைவு. இன்றும் நம் ஊர்க் கடை அலமாரிக்கு அந்த வரிசை முழுதாக வந்துசேர்வதில்லை. கடையில் உங்கள் ஷேட் இல்லை என்றால் இருப்பதில் கிட்டத்தில் உள்ளதை வாங்காமல் வெளியே வருவது மேல்.

அவள் முகத்தில் ஒரே நிறம் இல்லை என்பது அடுத்த சிக்கல். நம்மில் யாருக்குமே இல்லை. நெற்றியும் வாயைச் சுற்றியும் கருத்திருக்கும், கன்னம் வெளுத்திருக்கும், சிலருக்குக் கன்னத்தில் மங்கு, சிலருக்குக் கழுத்து முகத்தைவிடக் கருப்பு. ‘கழுத்துக்குப் பொருத்து’ என்ற அறிவுரை அப்படிப்பட்டவர்களுக்கு ஆபத்து. கருத்த கழுத்துக்குப் பொருத்தினால் முகம் இருண்டுவிடும். அப்போது காறை எலும்புக்குக் கீழே, மார்பின் மேல்பகுதித் தோலைப் பாருங்கள், முகத்தோடு சேர்ந்து போட்டோவில் தெரிவது அதுதான். அக்கா மகளுக்கு நெற்றி ஒரு படி அடர்த்தி. கருப்பு வெள்ளைப் படத்தில் கருப்பாகத் தெரிந்த மூன்றாவது அடர்த்தியிலும் சிவப்புச் சாயல் பாட்டில் ஒன்று இருந்தது. அதை மயிரோரத்திலும் நெற்றியிலும் வைத்து, மற்றதை நடுமுகத்தில் வைத்து, சேருமிடத்தைப் பஞ்சால் ஒற்றி எடுத்தார்.

வாயைச் சுற்றியுள்ள கருப்பின் மேல் நேராக ஃபவுண்டேஷனைப் போடவில்லை. அங்கே போட்டால் பால் ஏட்டுக் கதைதான், எவ்வளவு சரியான ஷேடாக இருந்தாலும் அந்த இடம் மட்டும் சாம்பலாகும். முதலில் அரிசி மணி அளவு ஆரஞ்சு கரெக்டரை விரல் நுனியில் எடுத்து ஒற்றினார். ஆரஞ்சு, கருவளையத்தில் இருக்கிற நீலத்தை அடித்துவிடும். மாநிறத்துக்குப் பீச் நிறம் போதும், அடர்ந்த தோலுக்குச் செவ்வாரஞ்சு வரை வேண்டியிருக்கும். அதிகமானால் ஃபவுண்டேஷன் வழியாக ஆரஞ்சு எட்டிப் பார்க்கும். அப்போது மேலே மேலே பூசாமல் துடைத்துவிட்டு மறுபடி ஆரம்பிப்பதுதான் வழி.

இத்தனையும் முடிந்தபோது பதினொன்றரை. உடனே சரி என்று சொல்லவில்லை அவர். அப்படியே வீட்டுக்குப் போய்ச் சமையலறையில் வேலை செய்துவிட்டு மூன்று மணிக்கு வரச் சொன்னார். அக்கா அன்று வெங்காய சாம்பார் வைத்தாள், பெண் வெங்காயம் உரித்தாள். மூன்று மணிக்கு அதே திண்ணை, அதே வெள்ளைத் துண்டு. நெற்றி ஓரத்தில் வியர்வையில் கொஞ்சம் வழித்திருந்ததே தவிர தாடையில் கோடு விழவில்லை, நிறம் மாறவில்லை. கடையில் வாங்குகிறவர்களுக்கும் இதையே சொல்வேன். டெஸ்டரைச் சுத்தமான பஞ்சுக் குச்சியால் எடுத்துத் தாடையில் மூன்று பட்டை இழுத்துக்கொண்டு கடையை விட்டு வெளியே வாருங்கள், பக்கத்தில் வேறு ஏதாவது வாங்குங்கள், அரை மணி கழித்து வெளியிலேயே கண்ணாடி பாருங்கள். கொஞ்சம் சின்ன டப்பியில் தருவார்களா என்று கேளுங்கள், சில கடைகளில் தருவார்கள். கூச்சம் இருந்தால் ஒரு மாஸ்க் போட்டுக்கொள்ளுங்கள், பட்டைகள் ஒட்டிப் போகாதபடி தளர்வாக.

ஒரு கேள்வி எனக்கு இருந்தது. முகூர்த்தம் காலை நாலரைக்கு, மண்டபத்தில் பகல் வெளிச்சம் எங்கே, எல்லாம் வீடியோ லைட்தானே, எதற்குத் திண்ணையில் பொருத்தம் பார்க்க வேண்டும்? “லைட்டுக்கு ஏத்த மாதிரி மேல ஏத்தி எறக்கலாம்க்கா. அடி தப்பாயிருந்தா மேல என்ன பண்ணாலும் தப்புதான்” என்றார். அன்று காலை மூன்று மணிக்கு மேக்கப் போட்டபோது ஷேடைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. கன்னச் சிவப்பை மட்டும் வழக்கத்தைவிடக் கூட்டினார், வீடியோ லைட் முகத்தைத் தட்டையாக்கும் என்று. மேலே தூவும் பவுடரை மூக்கிலும் நெற்றி நடுவிலும் மட்டும் தொட்டார், பின் போனில் ஃபிளாஷ் போட்டு ஒரு படம் எடுத்துப் பார்த்தார். ஏழு மணிக்குக் கோயிலுக்குப் போனபோது விடிந்திருந்தது. அந்த வெளிச்சத்தில் எடுத்த படத்தைத்தான் அக்கா ஃபிரேம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

கல்யாணம் நடந்தது தை மாதம். சித்திரையில் அதே பாட்டில் அவளுக்கு வெளுத்துத் தெரிந்தது. ஸ்கூட்டரில் ஆபீஸ் போய் வந்ததில் அடர்த்தி கூடியிருந்தது, அடிநிறம் அதே செம்புதான். நெற்றிக்கு வாங்கிய அடர் பாட்டிலே வெயில் காலத்தில் முகம் முழுக்கப் போதுமானதாயிற்று. இப்போது இரண்டு பாட்டிலின் அடியிலும் மார்க்கரில் எழுதி வைத்திருக்கிறாள், ஒன்றில் ‘மார்கழி’, இன்னொன்றில் ‘சித்திரை’. ஐப்பசியில் புறங்கையில் இரண்டும் ஒவ்வொரு சொட்டு விட்டுக் கலந்து, பால்கனிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போய்ப் பார்க்கிறாள்.